நகையை விற்கச் சொல்லி அம்மாவுக்கு எழுதும் கடிதம்

கேள்வி: நான் கத்தாரில், அம்மா தொண்டியில். 3 லட்சம் வட்டிக் கடனை அடைக்க நகையை விற்கச் சொல்லி அவருக்கு எப்படி எழுதுவது?

முதலில் வட்டிக் கணக்கைச் சொல்லுங்கள். நூற்றுக்கு 2 ரூபாய் வட்டி என்றால் மாதம் 6,000, வருஷத்துக்கு 72,000 போகிறது. அசல் அப்படியே நிற்கிறது. எந்த நகை என்பதை அம்மாவே சொல்லட்டும். அதை நாம் தீர்மானிப்பது அவர் மனசை நோகடிக்கும்.

கடையில் ஏமாறாதிருக்கத்தான் விரிவாக எழுத வேண்டும். பாம்பனிலுள்ள என் அம்மாவுக்கு நான் எழுதியது இது:

“அம்மா, அட்டிகை 40 கிராம். கல்லையும் அரக்கையும் எடுத்துவிட்டு உங்க கண் முன்னாடியே எடை போடச் சொல்லுங்க. 36 கிராம் நின்று, மெஷினில் 20 காரட் காட்டினால், அதில் ஆறில் ஐந்து பங்கு, 30 கிராம்தான் சுத்தத் தங்கம். அன்றைய 24 காரட் விலையால் அதைப் பெருக்கிப் பாருங்க. அதற்கு மேல் சேதாரம் என்று கழித்தால் இன்னொரு கடையிலும் கேளுங்க. கழற்றிய கல்லை மறக்காமல் வாங்கிக்கோங்க.

பணத்தை பேங்க் கணக்கில் போடச் சொல்லுங்க. 2 லட்சமும் அதற்கு மேலும் ரொக்கமாக வாங்கச் சட்டம் விடாது. கடனை அடைத்த கையோடு புரோநோட்டைத் திருப்பி வாங்கிடுங்க.”