கெடு தவறினால் வாடிக்கையாளருக்கு என்ன எழுதுவது?

"சின்ன அச்சகம் வைத்திருக்கிறேன். இன்று தர வேண்டிய 600 கல்யாணப் பத்திரிகை மெஷின் பழுதால் நின்றுவிட்டது. என்ன எழுதி அனுப்புவது?"

முதலில் போனில் சொல்லிவிடுங்கள். அப்புறம் அதையே வாட்ஸ்அப்பில் எழுதுங்கள். வீட்டுப் பெரியவர்களிடம் காட்ட அவருக்கு அது வேண்டும். ஆனால் மெக்கானிக்கிடமும் பக்கத்து அச்சகத்திலும் உறுதியாகக் கேட்காமல் புதுத் தேதி தராதீர்கள். இரண்டாவது கெடுவும் தவறினால் ஆர்டரே போய்விடும்.

"வணக்கம் சார். இன்று தருவதாகச் சொன்ன பத்திரிகைகளை முழுதாகத் தர முடியவில்லை, மன்னிக்கவும். மெஷினில் ரோலர் பழுதாகிவிட்டது. அச்சான 200-ஐ மடித்து, கவரோடு இரவு 7 மணிக்கு வீட்டிலேயே தருகிறோம். வெளியூர்த் தபாலை முதலில் அனுப்பிவிடலாம். மீதி 400 வேறு அச்சகத்தில் ஓடுகிறது. வியாழன் பகல் 12 மணிக்குள் வரும். கூடுதல் செலவு எங்களுடையது."

இதில் உயிர்நாடி அந்த 200தான். தபாலில் போக வேண்டியவை கைக்கு வந்துவிட்டால் அவருடைய பதற்றம் பாதி அடங்கும். பழுதுக்கு ஒரு வரி போதும். ரோலர் கதையை நீட்டினால் சாக்குப்போக்காகவே படும்.

மெஷின் மாறினால் மெரூன், சிவப்பு நிறங்கள் சற்று மாறலாம். ஏற்கெனவே அச்சான பத்திரிகை ஒன்றை அந்த அச்சகத்துக்குக் கொடுத்தனுப்பி, முதல் தாளை அதோடு பகல் வெளிச்சத்தில் ஒப்பிட்டபிறகே மீதியை ஓட்டச் சொல்லுங்கள்.