சிறுபால ஆய்வறிக்கை: மதிப்பெண், படம், முன்னுரிமை – கேள்வி பதில்

கேள்வி: குழாய், தலைச்சுவர், வெளிவாய், ஓடை நான்குக்கும் தனித்தனியே மதிப்பெண் இட்டு, சராசரியை ஒட்டுமொத்த மதிப்பெண்ணாக எழுதுகிறேன். சரிதானே?

பகுதிவாரியாக மதிப்பிடுவது சரி. சராசரி எடுப்பதுதான் தவறு. நான் அண்மையில் பார்த்த ஒரு கான்கிரீட் குழாய்ச் சிறுபாலத்தின் விட்டம் 900 மி.மீ., நீளம் 12.5 மீட்டர், 2.5 மீட்டர் குழாய்கள் ஐந்தை இணைத்திருந்தார்கள். 9 மிக நன்று, 0 செயலிழந்தது என்ற அளவுகோலில் தலைச்சுவருக்கு 7, ஓடைக்கு 6, வெளிவாய்க்கு 5, குழாய்க்கு 4 வந்தன. சராசரி 5.5, படிப்பவர் ‘சுமார்’ என்று எண்ணிப் பக்கத்தைப் புரட்டிவிடுவார். ஆனால் நுழைவாயிலிருந்து 5 மீட்டரில் உள்ள இணைப்பு 30 மி.மீ. விலகியிருந்தது. அதன் கீழே, ஓடையின் கறுத்த வண்டலுக்கு மேல், சாலைக்கரை மண்ணின் அதே செம்பழுப்பு நிறத்தில் ஒரு மண்குவியல் புதிதாகக் கிடந்தது. மேலே ஏறி 3 மீட்டர் நேர்க்கோலை வைத்துப் பார்த்தால், அந்த இணைப்புக்கு நேர்மேலே சாலை 40 மி.மீ. தாழ்ந்திருந்தது. ஆகவே ஒட்டுமொத்த மதிப்பெண் 4 என்றே எழுதினேன்.

கேள்வி: நூறு படம் எடுத்து அறிக்கையின் கடைசியில் ஒட்டுகிறேன். யாரும் பார்ப்பதாகத் தெரியவில்லை.

எந்த வாக்கியமும் அவற்றை அழைக்கவில்லை என்றால் யார் பார்ப்பார்கள்? என் அறிக்கையில் இருந்த வரி இது: “5.0 மீட்டர் இணைப்பில், 4 மணித் திசையில், 30 மி.மீ. விலகல், மண் உட்புகுகிறது (படம் 7). நேர்மேலே சாலைத் தாழ்வு 40 மி.மீ. (படம் 8).” தொலைவு நுழைவாயிலிருந்து அளக்கப்பட்டது என்றும், மணித்திசை நீரோட்டத் திசையை நோக்கி நின்று பார்த்தது என்றும் தொடக்கத்தில் ஒருமுறை எழுதிவிட வேண்டும், இல்லையேல் அடுத்து வருபவர் 8 மணித் திசையில் விலகலைத் தேடிக்கொண்டிருப்பார். விரிசலின் அருகே அளவுகோல் ஒன்றை வைத்து எடுங்கள். எந்த வரியும் சுட்டாத படங்கள் கோப்பில் இருக்கட்டும், அறிக்கைக்குள் வேண்டாம்.

கேள்வி: விட்டத்தில் கால்பங்கு வண்டல் இருந்தால் நீர்வழியில் கால்பங்கு போயிற்று. அதற்குத்தானே முதல் முன்னுரிமை?

வட்டக் குழாயின் அடி குறுகலானது என்பதால், கால்பங்கு உயரத்துக்கு வண்டல் படிந்தால் பரப்பில் ஏறத்தாழ 20 விழுக்காடுதான் அடைபடும். ஆனால் வேலையின் வரிசையில் வண்டல் முதலில் வரலாம் என்பதில் உங்கள் பக்கம் நியாயம் உண்டு: அதை அள்ளாமல் இணைப்பின் அடிப்பகுதியைப் பார்க்கவும் முடியாது, அடைக்கவும் முடியாது. அதனால் ‘ஆபத்தின் வரிசை’, ‘வேலையின் வரிசை’ என இரண்டு பத்திகளாகப் பிரித்து எழுதுகிறேன்.

கேள்வி: எங்களுடையது நெளிதகட்டு உலோகக் குழாய். உள்ளே போக முடியவில்லை. வாயிலிருந்து டார்ச் அடித்துப் பார்த்து 6 இட்டேன். மேலதிகாரி 4 என்கிறார். யார் சரி?

இருவருமே நடுப்பகுதியைப் பார்க்கவில்லை. எந்த மீட்டரிலிருந்து எந்த மீட்டர் வரை பார்க்கப்படவில்லை என்பதையும், காரணத்தையும் எழுதி, கேமரா ஆய்வைப் பரிந்துரையுங்கள்; காற்றைச் சோதிக்காமல் உள்ளே நுழைய வேண்டாம். கைக்கு எட்டும் இடங்களில் அகலத்தையும் உயரத்தையும் அளந்து குறியுங்கள். 1200 மி.மீ. குழாய் 1290 அகலமும் 1110 உயரமுமாக இருந்தால் அது நசுங்கியிருக்கிறது. பதிக்கும்போதே நசுங்கியதா, இன்னும் நசுங்கிக்கொண்டிருக்கிறதா என்பதை அடுத்த அளவைதான் சொல்லும். இந்நிலையில் ஒட்டுமொத்த மதிப்பெண்ணைத் ‘தற்காலிகம்’ என்று இடுவதா, காலியாக விடுவதா என்பதில் எங்களுக்குள்ளேயே ஒத்த கருத்து இல்லை. நான் தற்காலிகம் என்று இடுவேன்.

கேள்வி: மதிப்பெண் குறைந்தது முதலில், கூடியது கடைசியில். முன்னுரிமை என்றால் அவ்வளவுதானே?

மதிப்பெண் இன்றைய நிலையை மட்டும் சொல்கிறது. எவ்வளவு வேகமாக மோசமாகிறது, பழுதானால் என்ன ஆகும் என்பவற்றை முன்னுரிமை கணக்கில் கொள்ள வேண்டும். மேற்சொன்ன பாலத்தில் இணைப்பு முதலிடம். அதை அடைத்தால் மட்டும் போதாது. மண் ஒழுகிப்போன வெற்றிடம் வெளியே அப்படியே இருக்கும் என்பதால், அதைக் கண்டறிந்து நிரப்புவதையும் சேர்த்தே எழுதினேன். இரண்டாவது, வெளிவாய். முந்தைய அறிக்கையில் 0.25 மீட்டராக இருந்த அரிப்புக் குழி இப்போது 0.6 மீட்டர், அங்குள்ள தடுப்புச்சுவரின் அடியோ 0.9 மீட்டர் ஆழத்தில்தான் இருக்கிறது. 5 மதிப்பெண் பெற்றாலும் அது காத்திருக்காது. தலைச்சுவரின் 0.5 மி.மீ. விரிசல் முந்தைய படத்தில் இருந்தபடியே இருப்பதால் கண்காணிப்பு போதும். முதல் பணி தொடங்கும்வரை சாலைத் தாழ்வை வாரந்தோறும் அளக்க வேண்டும், 60 மி.மீ.யைத் தாண்டினால் அந்தப் பக்கப் போக்குவரத்தை நிறுத்த வேண்டும் என்ற வரியையும் சேர்த்தேன். 60 என்பது அந்த இடத்துக்கு நான் வைத்த எல்லை, விதி அன்று.