சரியான பிழை

அன்பின் ஐயா,

என் மகள் தரம் 9 படிக்கிறாள். கடற்கரையில் வாங்கின கச்சான் 'மரண ருசி', கூட்டாளியின் சட்டை 'வேற லெவல்', டியூசன் சேர் 'செம'. கொஞ்ச நாளைக்கு முன் எல்லாமே 'பயங்கர'மாக இருந்தன. இப்போது அது பழசாம். எனக்குச் சரியான கவலை. 'மிக', 'மிகவும்' என்று நல்ல சொற்கள் இருக்க, எதற்கு இப்படிப் புதிது புதிதாகத் தேவைப்படுகிறது? அர்த்தமே இல்லாத சொற்களாக மொழி தேய்கிறதா? கட்டுரையிலும் இப்படித்தான் எழுதுகிறாள். திருத்துவதா, விடுவதா?

ஒரு தாய், உவர்மலை

*

அன்பின் சகோதரிக்கு,

மகளின் 'மரண'த்தைக் கொஞ்சம் தள்ளி வைத்துவிட்டு, உங்கள் 'சரியான கவலை'யை முதலில் எடுத்துக்கொள்கிறேன். இந்த விசயத்துக்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குக் கிடைக்காது. அது எங்கள் எல்லோருடைய வாயிலும் இருக்கிறது, ஒருவர் காதிலும் விழுவதில்லை.

சரி என்றால் பிழையில்லாதது. 'சரியான விடை' என்னும்போது அந்தப் பொருள் மட்டும்தான். 'அவன் சரியான கள்ளன்' என்று வரும்போது கொஞ்சம் குழம்புகிறது. கள்ளன் என்ற பெயருக்கு முழுக்கப் பொருந்துகிறவன் என்றும் எடுக்கலாம், பெரிய கள்ளன் என்றும் எடுக்கலாம். பெயருக்கு முழுக்கப் பொருந்துகிற கள்ளன் பெரிய கள்ளனாகத்தானே இருப்பான்? சொல்கிறவர் முதலாவதை நினைத்துச் சொன்னாலும், பக்கத்தில் நின்று கேட்கிற பிள்ளை இரண்டாவதைப் பிடித்துக்கொள்ளலாம்; இரண்டு பேருக்கும் இடையில் ஒரு சண்டையும் வராது. அப்படிப் பிடித்துக்கொண்ட பிள்ளைதான் பிறகு 'சரியான மழை', 'சரியான சனம்' என்று சொல்லத் தொடங்குகிறது. மழையில் சரி ஏது, பிழை ஏது? அங்கே மிஞ்சுவது அளவு மட்டும்.

இவ்வளவும் தமிழ்நாட்டிலும் உண்டு. 'சரியான முட்டாள்' அங்கேயும் திட்டுத்தான். நாங்கள் இன்னும் ஓரடி தாண்டினோம். 'நீ செய்தது சரியான பிழை' என்று திருகோணமலையில் சொன்னால் யாரும் சிரிப்பதில்லை, பெரிய பிழை என்று விளங்கிக்கொள்கிறார்கள். தன் எதிர்ச்சொல்லோடேயே உரசாமல் சேர்ந்து நிற்கிறது என்றால், அந்த இடத்தில் சொல்லின் பழைய பொருள் போய்விட்டது. மொழியியலில் இதைப் பொருள் வெளிறல் என்கிறார்கள். ஒரு சொல் வெளிறிவிட்டதா என்று பார்க்க எனக்குத் தெரிந்த ஆக நேரான சோதனை இந்த எதிர்ச்சொல் சோதனைதான்.

வெளிறுவது எல்லா இடத்திலும் ஒரே மாதிரி நடப்பதில்லை. 'சரியா பசிக்குது', 'சரியா களைச்சுப் போனன்' என்றால் மிகுதி. 'கணக்கைச் சரியா செய்தான்', 'சரியா சொன்னாய்' என்றால் பிழையில்லாமல். பசிக்கும் களைப்புக்கும் கூடுதல் குறைவு உண்டு, சரி பிழை கிடையாது. ஆகவே அங்கே மிகுதிப் பொருள் தடையில்லாமல் உட்கார்ந்துவிட்டது. செய்தலும் சொல்லலும் பிழைக்கக்கூடியவை. அங்கே பழைய பொருள் இடத்தை விடவில்லை. இன்னும் வேடிக்கையானது எதிர்மறை. 'எனக்குச் சரியான நித்திரை' என்றால் கண் சொக்குகிறது. 'ராத்திரி சரியான நித்திரை இல்லை' என்றால் ஒழுங்கான தூக்கம் இல்லை. ஒரு 'இல்லை' வந்ததும் போன பொருள் திரும்பி வந்துவிடுகிறது. ஆகவே உங்கள் 'தேய்கிறதா' என்ற கேள்விக்கு என் பதில், ஒரு பக்கம் தேய்கிறது, மறுபக்கம் அப்படியே இருக்கிறது, இரண்டையும் நாங்கள் தடுமாறாமல் பேசுகிறோம் என்பதே.

சந்தைக்குப் போனால் காதைத் திறந்து வையுங்கள். சிங்களத்தில் 'ஹரி லஸ்ஸனய்' என்பார்கள், மிக அழகு. அந்த 'ஹரி'யும் 'சரி' என்ற பொருளுள்ள சொல்தான். பக்கத்துப் பக்கத்தில் வாழ்கிற மொழிகள் ஒன்றையொன்று தள்ளிவிடுவது உண்டு, ஆனால் இந்தப் பாதைக்கு அயல்வீடு கட்டாயமில்லை. ஆங்கிலத்து 'வெரி' பழைய பிரெஞ்சிலிருந்து வந்தபோது 'உண்மையான' என்ற பொருளோடு வந்தது. 'ரைட்' என்பதும் அங்கே ஒரு காலம் 'மிக' என்று ஓடியது. 'ரைட் ஒனரபிள்' என்ற பட்டத்தில் இன்னும் ஒட்டிக்கொண்டிருப்பது அந்த ரைட்தான். இங்கிலாந்தின் யோர்க் நகரப் பேச்சை வைத்து ரிகா இட்டோவும் சாலி தாலியாமொன்டேயும் 2003இல் வெளியிட்ட ஆய்வில், மூத்தவர்கள் 'வெரி' என்கிற இடத்தில் இளையவர்கள் 'ரியலி'க்கு மாறிக்கொண்டிருந்தார்கள். உண்மை என்ற பொருளில் பிறந்து களைத்துப்போன ஒரு சொல்லின் இடத்துக்கு, அதே பொருளில் பிறந்த இன்னொன்று.

ஏன் இந்தச் சொற்கள் மட்டும் இவ்வளவு கெதியாகக் களைக்கின்றன? கன்னியா வெந்நீரூற்றுக்குப் போயிருப்பீர்கள். ஏழு கிணறும் ஒரே சூடில்லை. ஒன்றில் வாளியை விட்டுத் தலையில் ஊற்றிவிட்டு 'சூடு' என்கிறோம், அடுத்ததில் ஊற்றிவிட்டு 'சரியான சூடு' என்கிறோம். அந்தச் 'சரியான' தனியாக ஒரு வெப்பத்தையும் குறிக்கவில்லை. நீங்கள் எதிர்பார்த்ததைவிடக் கூட என்று மட்டும் சொல்கிறது. மேசை என்ற சொல்லைப் பிடித்துவைக்க ஒரு மேசை இருக்கிறது. மிகுதிச் சொல்லைப் பிடித்துவைக்கக் கேட்கிறவரின் எதிர்பார்ப்பைத் தவிர வேறொன்றும் இல்லை. ஏழு கிணற்றுக்கும் நான் 'சரியான சூடு' என்றே சொல்லிக்கொண்டு வந்தால், நாலாவதில் நீங்கள் என் 'சரியான'வைக் கழித்துவிட்டு வெறும் சூடு என்று எடுப்பீர்கள். நீங்கள் கழிப்பது எனக்கும் தெரியும். உண்மையிலேயே தோல் எரிகிற கிணறு வந்தால் எனக்கு வேறு சொல் வேண்டும், அல்லது 'சரீ...யான' என்று இழுக்க வேண்டும். 'மிக மிக' என்று இரட்டிப்பதும் இதே தேவையில்தான். ஒரு மிகுதிச் சொல்லை ஊர் இழுக்கவும் இரட்டிக்கவும் தொடங்கிவிட்டால், தனியாக அது போதவில்லை என்று எடுத்துக்கொள்ளலாம்.

உண்மைச் சொற்கள் இந்த வேலைக்கு அடிக்கடி வருவதும் இதனால்தான். கேட்கிறவர் கழிப்பார் என்ற பயத்தில் 'கழிக்காதே, கூட்டிச் சொல்லவில்லை, மெய்யாகவே' என்று உத்தரவாதம் தருகிறோம். எல்லோரும் எல்லாவற்றுக்கும் அதே உத்தரவாதத்தைத் தரும்போது அதுவும் கழிபடுகிறது.

மகளின் சொற்கள் வேறு வழியால் வந்தவை. அச்சமும் நோவும் எந்த மொழியிலும் மிகுதிக்குக் கைகொடுக்கும். ஜெர்மன்காரர் 'மிக' என்பதற்குச் சொல்லும் 'ஸேர்' ஆதியில் 'நோவோடு' என்ற பொருளுள்ளது. புண்ணைக் குறிக்கும் ஆங்கில 'ஸோர்' அதன் உறவு. இன்றைக்கு அவர்கள் அதை நல்லதுக்கும் கெட்டதுக்கும் ஒரே மாதிரிச் சொல்கிறார்கள், நோவு ஒருவருக்கும் நினைவில்லை. எங்கள் 'பயங்கர' அந்தப் பாதையில் பாதிக்கு மேல் நடந்துவிட்டது. பயங்கரக் காட்டில் பயம் மட்டும் இருந்தது. பயங்கரக் காய்ச்சலில் பயமும் அளவும் கலந்திருந்தன. பயங்கர வெயிலில் பயம் இல்லை. 'பயங்கர சந்தோசம்' எதிர்ச்சொல் சோதனையையும் தாண்டிவிட்டது. ஆனால் அதே சொல் 1979ஆம் ஆண்டுப் பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் பெயரில் ஒரு துளியும் வெளிறவில்லை. அது ஏன் என்று இந்த ஊரில் நான் விளக்க வேண்டியதில்லை.

'மரண' இப்போதுதான் புறப்பட்டிருக்கிறது. 'மரணப் பசி' எளிதாக விளங்குகிறது, பசியால் சாகலாம். கச்சான் ருசிக்கும் வந்துவிட்டது என்றால் வேகமாகத்தான் நடக்கிறது. எவ்வளவு தூரம் போயிருக்கிறது என்று பார்க்க, மகளிடம் 'மரண சுகம்' என்று சொல்லிப் பாருங்கள். சிரித்தாள் என்றால் சாவு இன்னும் அதற்குள் இருக்கிறது. கவனிக்காமல் கடந்து போனாள் என்றால் கிட்டத்தட்ட 'பயங்கர' நிற்கிற இடத்துக்கு வந்துவிட்டது.

'மிக' போதாதா என்று கேட்டவர்கள் எல்லாக் காலத்திலும் இருந்திருப்பார்கள் என்றே நினைக்கிறேன். தொல்காப்பியம் 'உறு தவ நனி' என்ற மூன்றையும் மிகுதி காட்டுபவை என்கிறது. நன்னூல் 'சால உறு தவ நனி கூர் கழி' என்று ஆறையும் ஒரே வரியில் அடுக்கி 'மிகல்' என்று முடிக்கிறது. இந்த ஆறில் ஒன்றாவது உங்கள் வீட்டில் தனியாக நடமாடுகிறதா? உறு 'உறுதுணை'க்குள் இருக்கிறது, கழி 'கழிபேருவகை'க்குள், சால 'சாலச் சிறந்தது' என்ற ஒரு தொடருக்குள். 1891இல் கேயொர்க் ஃபொன் டெர் கபெலென்ட்ஸ் என்ற ஜெர்மன் மொழியியலாளர் மொழியின் வடிவங்களைப் பொதுவாக அரசாங்க உத்தியோகத்தரோடு ஒப்பிட்டார்: நியமனம், பதவி உயர்வு, அரைச் சம்பளம், கடைசியில் ஓய்வூதியம், வெளியே விண்ணப்பத்தோடு புதியவர்கள் வரிசையில். மாகாணத் தலைநகரில் இருக்கிற எங்களுக்கு இதற்குமேல் விளக்கம் தேவையில்லை. ஒரு திருத்தம் மட்டும் சேர்க்கலாம். இங்கே ஓய்வு பெற்றவர் பக்கத்து அலுவலகத்தில் வேலையில் இருப்பார். எங்கள் 'சால' ஓய்வெடுத்துக் கனகாலம், தெலுங்கில் அதன் உறவான 'சாலா' இன்னும் காலையில் எழும்பி வேலைக்குப் போகிறது, 'மிக' என்ற பொருளில்.

'கனகாலம்' என்று நானே எழுதிவிட்டேன் பாருங்கள். கனம் என்றால் பாரம். 'கனக்க', 'கன பேர்' என்று சொல்லும்போது எங்களுக்குப் பாரம் தெரிவதில்லை. தமிழ்நாட்டு 'ரொம்ப'வும் 'நிரம்ப' என்பதன் சிதைவுதான், அங்கே எந்தப் பாத்திரமும் நிரம்புவதில்லை. யாழ்ப்பாணத்துப் பெரியவர்களின் 'வலு கெட்டிக்காரன்' வலிமையிலிருந்து வந்தது. தமிழ்நாட்டுப் படமும் கைத்தொலைபேசியும் கொண்டுவந்த 'செம'யைப் பார்த்து முகம் சுளிக்கும் அந்தப் பெரியவர்களிடம் இதை நான் சொல்லிப் பார்த்ததுண்டு. வலு கோபம் வந்தது.

கட்டுரை விசயத்துக்கு வருகிறேன். 'மிக' இன்னும் பிழைத்திருப்பது பள்ளிக்கூடமும் பத்திரிகையும் மேடையும் அதை வைத்திருப்பதால். பேச்சில் அதிகம் புழங்காத சொல் அவ்வளவு தேயாது. எனவே பரீட்சைக் கட்டுரையில் 'மரண'த்தை வெட்டி 'மிக' போடுவது நியாயம், புள்ளி போடுகிறவர் அதைத்தான் எதிர்பார்க்கிறார். ஆனால் வெறும் மாற்றீடாகச் செய்தால் அவள் 'மிகவும் ருசியான கச்சான்' என்று எழுதுவாள், அதையும் வாசிக்கிறவர் கழித்துத்தான் வாசிப்பார். நான் ஆசிரியராக இருந்தால் அந்த இடத்தில் மிகுதிச் சொல்லையே எடுத்துவிட்டு, என்ன நடந்தது என்று எழுதச் சொல்வேன்: மணலில் வறுத்த சூடு கடதாசிச் சுருளைத் தாண்டிக் கையில் பட்டதா, வீடு வந்து சேர எத்தனை மிஞ்சியது. பேசும்போது அவள் எப்படியும் சொல்லட்டும். நீங்கள் தடுத்தாலும் அடுத்த தவணைக்குள் அந்தச் சொல் மாறியிருக்கும்.

அன்புடன்.