கீமோ காலத்தில் விடுப்பும் பணி மாற்றமும் கேட்டு எழுதும் கடிதம்

"மார்த்தாண்டத்தில் ஒரு துணிக்கடையில் ஆறு வருடமாக பில் போடுகிறேன். மார்பகப் புற்றுநோய்க்குத் திருவனந்தபுரத்தில் ஆகஸ்ட் 3 முதல் 21 நாளுக்கு ஒருமுறை நான்கு கீமோ. வேலையை விட முடியாது. முதலாளிக்கு எப்படி எழுதுவது?"

"சில நாட்கள் விடுப்பு வேண்டும்" என்று மட்டும் எழுதினால் ஓணம் நெருங்கும் நேரத்தில் முதலாளியால் ஒன்றும் தீர்மானிக்க முடியாது. ஆகவே ஒரு சுற்றின் 21 நாட்களை மூன்றாகப் பிரித்து, தேதியோடு எழுதுங்கள். மருந்து ஏற்றும் நாளும் அதை அடுத்த மூன்று நாட்களும் வாந்தியும் சோர்வும் இருக்கும் என்பதால் அவை விடுப்பு. ஏறத்தாழ ஏழாம் நாள் முதல் பதினான்காம் நாள் வரை இரத்த வெள்ளணுக்கள் குறைந்து, தொற்று எளிதில் பற்றும். உடம்பு தேறிவிட்டது போலத் தோன்றும் இந்த நாட்களில்தான் கூட்டம் மிகுந்த பில் கவுண்டர் ஆபத்தானது. எஞ்சிய நாட்களில் பெரும்பாலும் வழக்கமான வேலையைப் பார்க்கலாம்.

கடிதத்தின் நடுப்பகுதி இப்படி அமையலாம்:

"ஆகஸ்ட் 3 முதல் 6 வரை விடுப்பும், 9 முதல் 16 வரை வாடிக்கையாளர் கூட்டமில்லாத மாடிக் கணக்கறையில் அமர்ந்து செய்யும் பணியும் அளிக்க வேண்டுகிறேன். அடுத்த சிகிச்சை ஆகஸ்ட் 24. இரத்த அணுக்கள் போதாவிட்டால் அது தள்ளிப்போகலாம். தெரிந்த அன்றே அறிவிப்பேன். 100.4 டிகிரி காய்ச்சல் கண்டால் உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டியிருப்பதால், பணி நடுவே புறப்பட அனுமதி தேவை."

சுற்றுகளின் எண்ணிக்கை, இடைவெளி, தவிர்க்க வேண்டிய வேலை ஆகிய மூன்றும் உள்ள மருத்துவர் சான்றை இணைத்தால் போதும். பயாப்ஸி அறிக்கையோ நோயின் நிலையோ முதலாளிக்குத் தேவையில்லை. நான்கு சுற்றுகளுக்குப் பின் பாக்ளிடாக்செல் என்னும் வேறொரு கீமோ மருந்தைத் தொடங்கினால் விரல் நுனி மரத்து, நோட்டு எண்ணுவதே சிரமமாகலாம். அதை இப்போதே எழுதாமல், அப்போது தனிக் கடிதமாகக் கொடுங்கள்.

சம்பளச் சீட்டில் இ.எஸ்.ஐ. பிடித்தம் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்து, சந்தா நாட்களும் நிறைந்திருந்தால், நோய்க்கால உதவியாக ஆண்டுக்கு 91 நாள் வரை சராசரி தினக்கூலியில் 70 சதவீதம் கிடைக்கும். இரண்டு ஆண்டுகள் தொடர்ந்து பணியில் இருந்தவருக்குப் புற்றுநோய்க்கான நீட்டித்த உதவியாக 80 சதவீதம் உண்டு. இதற்கு இ.எஸ்.ஐ. மருந்தகத்தில் விடுப்புச் சான்று பெற வேண்டும்; திருவனந்தபுரம் சீட்டை மட்டும் காட்டினால் இழுபறிதான். சம்பளத்தோடு வேலை பார்த்த நாளுக்கு இந்த உதவி கிடையாது என்பதால், கடிதத்தில் உள்ள விடுப்புத் தேதிகளும் சான்றில் உள்ளவையும் ஒத்திருக்க வேண்டும்.

"இப்போது ராஜினாமா எழுதிக் கொடுங்கள், குணமானதும் சேர்த்துக்கொள்கிறோம்" என்று அன்பாகவே சொன்னாலும் கையெழுத்திடாதீர்கள். பணித் தொடர்ச்சி அறுந்துவிடும். கடிதத்தை இரண்டு படியாக எடுத்துச் சென்று, உங்கள் படியில் பெற்றுக்கொண்டதற்கான கையொப்பத்தைத் தேதியோடு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.