துணையும் பிள்ளையும் இல்லாத முதுமை: பயத்தைக் காகிதத்தில் இறக்குவது எப்படி?

கேள்வி: எனக்கு 51 வயது. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. சென்னையில் சொந்தமாக ஒரு ஃப்ளாட், கொஞ்சம் சேமிப்பு. அண்ணனோடு பேச்சு இல்லை, அக்கா மகள் கோயம்புத்தூரில் இருக்கிறாள். எனக்கு ஏதாவது ஆனால் யார் வந்து கையெழுத்துப் போடுவார்கள், யார் பார்த்துக்கொள்வார்கள் என்று நினைத்தால் ராத்திரி தூக்கம் வருவதில்லை. இப்போதே என்ன செய்து வைக்கலாம்?

பதில்:

கையெழுத்திலிருந்தே தொடங்குவோம். நினைவோடு இருக்கும் வயதுவந்த நோயாளியின் சிகிச்சைக்குச் சட்டப்படி தேவை அவருடைய சம்மதம்தான். ஆஸ்பத்திரியில் “அட்டெண்டர் யாரு?” என்று கேட்பது பெரும்பாலும் பணம் கட்ட, மருந்து வாங்க, டிஸ்சார்ஜ் அன்று கூட்டிப்போக ஆள் வேண்டும் என்பதற்காக. நினைவில்லாமல் கொண்டுவரப்பட்டால், உயிரைக் காக்கும் அவசர சிகிச்சையை யார் கையெழுத்தும் இல்லாமலே மருத்துவர் செய்யலாம். அதற்கான பாதுகாப்பு இன்றைய பாரதிய நியாய சன்ஹிதாவின் 30-ஆம் பிரிவில் இருக்கிறது.

உண்மையான ஆபத்து வேறு இடத்தில். உயிர் இருக்கும், ஆனால் முடிவெடுக்கும் தெளிவு இருக்காது. அந்த இடைவெளிக்குத்தான் நம் ஊரில் யாரும் எழுதி வைப்பதில்லை. உயில் இறந்த பிறகுதான் பேசும். வங்கி நாமினிக்கும் நீங்கள் உயிரோடு இருக்கும்வரை ஒரு ரூபாயைத் தொட உரிமையில்லை. “பவர் எழுதிக் கொடுத்திருக்கேன், போதாதா?” என்று பலர் கேட்பார்கள். போதாது. பவர் பத்திரம் எழுதியவருக்கு மனத் தெளிவு போய்விட்டால், 1872-ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டம் 201-ஆம் பிரிவின்படி அந்தப் பவரும் முடிந்துவிடும். எந்த நாளுக்காக எழுதினீர்களோ அந்த நாளில்தான் அது செத்துப்போகும்.

இது தனியாக இருப்பவர்களுக்கு மட்டும் உள்ள சிக்கல் என்றும் நினைக்க வேண்டாம். கோமாவில் இருந்த கணவரின் சொத்தைக் கையாள அனுமதி கேட்டு ஒரு மனைவி சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனார். முதலில் சிவில் கோர்ட்டுக்குப் போகச் சொன்னார்கள். மேல்முறையீட்டில்தான், 2024-இல், அவரைக் காப்பாளராக நியமித்தார்கள். தாலி கட்டியவர் என்பதால் மட்டும் வங்கியோ பதிவுத்துறையோ கதவைத் திறக்காது.

உங்கள் நிலையையே வைத்து ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். வயது 74. குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிவு. நினைவு இருக்கிறது, அறுவை சிகிச்சைக்கு நீங்களே கையெழுத்துப் போட்டுவிட்டீர்கள். மறுநாள் குழப்பம் ஆரம்பிக்கிறது: நாள் தெரியவில்லை, ஆள் அடையாளம் மாறுகிறது. வயதானவர்களுக்கு இடுப்பெலும்பு அறுவைக்குப் பிறகு இந்தக் குழப்பநிலை அடிக்கடி வருவதுதான். பெரும்பாலும் சில நாட்களில் தெளியும், சிலருக்கு வாரக்கணக்காகும். அதுவரை உங்கள் ஃபோனில் வரும் ஓ.டி.பி.யை நீங்கள் படித்துச் சொல்ல முடியாது, காசோலையில் கையெழுத்தும் பொருந்தாது. இன்ஷூரன்ஸ் தராத செலவு, வீட்டுக்கு வந்தபின் இரவு பகல் பார்த்துக்கொள்ளும் ஆளின் சம்பளம், இதெல்லாம் யார் பணத்திலிருந்து போகும்?

அக்கா மகள் பெயரைச் சேர்த்து, “எய்தர் ஆர் சர்வைவர்” முறையில் ஒரு கூட்டுச் சேமிப்புக் கணக்கு இதற்குப் போதும். உங்கள் பிரதான கணக்கில் அவள் பெயரைச் சேர்க்காதீர்கள், இதற்கென்று தனிக் கணக்கு தொடங்குங்கள். சட்டப்படி அவள் அந்தக் கணக்கின் முழுத்தொகையையும் எடுக்கலாம் என்பதால், போனால் தாங்கக்கூடிய தொகைதான் அதில் இருக்க வேண்டும். மாதச் செலவு 40,000 என்றால், ஆறு மாதத்துக்கு 2,40,000. அதற்கு மேல் வேண்டாம்.

அடுத்து எஃப்.டி. இங்கேதான் பலர் தவறு செய்கிறார்கள். “எய்தர் ஆர் சர்வைவர்” என்று போட்ட எஃப்.டி.யை முதிர்வு நாளில் ஒருவர் கையெழுத்திலேயே வாங்கலாம். முதிர்வுக்கு முன்னால் உடைக்க இருவர் கையெழுத்தையும் வங்கி கேட்கும். ஐந்து வருஷத்துக்கு ஒரே எஃப்.டி.யாகப் போட்டுவிட்டு இரண்டாவது வருஷம் விழுந்தால், பெயர் சேர்த்தும் பயனில்லை. ஆகவே அவசரத்துக்கென்று 6 லட்சம் ஒதுக்குகிறீர்கள் என்றால், அதை 1,50,000 வீதம் நான்காகப் பிரித்து, மூன்று மாதத்துக்கு ஒன்று முதிரும்படி ஒரு வருஷ எஃப்.டி.களாகப் போடுங்கள். “தானாகப் புதுப்பிக்கவும்” என்ற கட்டத்தில் டிக் செய்யாதீர்கள். முதிர்ந்த தொகை அந்தக் கூட்டுக் கணக்குக்கு வரட்டும். தெளிவாக இருக்கும்வரை நீங்களே மறுபடி போட்டுக்கொள்ளலாம். தெளிவு போன நாளிலிருந்து அதிகபட்சம் மூன்று மாதத்துக்குள் ஒரு தவணை தானாக வந்து சேரும். வட்டி கொஞ்சம் குறையும், அதை இந்த ஏற்பாட்டுக்கான விலையாக எடுத்துக்கொள்ளுங்கள்.

கை ஓடாமல் மனம் மட்டும் தெளிவாக இருந்தால் வழி எளிது. ரிசர்வ் வங்கி விதிப்படி, கைரேகையையோ கால்விரல் ரேகையையோ இரண்டு சாட்சிகள் அடையாளம் காட்டினால் பணம் தர வேண்டும், அவர்களில் ஒருவர் பொறுப்புள்ள வங்கி அதிகாரியாக இருக்க வேண்டும். கிளையில் “முடியாது” என்று சொன்னால் இந்த விதியைச் சொல்லுங்கள். ஏ.டி.எம். பின் நம்பரை எழுதிக் கொடுத்துவிட்டால் தீராதா என்றால், வங்கி விதிக்கு முரணானது, நாளை அண்ணன் தரப்பு கேள்வி எழுப்பினால் அக்கா மகள்தான் மாட்டிக்கொள்வாள்.

இந்தக் கூட்டுக் கணக்கு மாதக் கணக்கில் வரும் நெருக்கடிக்குத்தான். மறதி நோய்போல வருஷக்கணக்கில் நீளும் நிலையில், உங்களுக்குத் தெளிவில்லை என்று வங்கிக்குத் தெரிந்தால் அதையும் நிறுத்திவைக்கக் கூடும். சேமிப்பு பெரிதாக இருந்தால், ஒரு வக்கீலை வைத்து 1882-ஆம் ஆண்டு டிரஸ்ட் சட்டத்தின் கீழ் ஒரு தனியார் டிரஸ்ட் எழுதலாம். இப்போது நீங்களே டிரஸ்டி. இரண்டு மருத்துவர்கள் சான்றளித்தால் அடுத்த டிரஸ்டி பொறுப்பேற்பார் என்று அதிலேயே எழுதிக்கொள்ளலாம். பவர் போல இது பாதியில் சாகாது. ஃப்ளாட்டை டிரஸ்டுக்கு மாற்றினால் பதிவும் முத்திரைத் தீர்வையும் வரும் என்பதால், சேமிப்பை மட்டும் அதில் வைப்பது நடைமுறைக்கு ஒத்து வரும்.

சிகிச்சை விஷயத்தில் இரண்டு தாள்கள் வேண்டும். இரண்டும் வேறுவேறு வேலை செய்கின்றன. முதலாவது லிவிங் வில். மீள வழியில்லாத நிலையில் வென்டிலேட்டர் வேண்டுமா, வேண்டாமா என்பதற்கு மட்டும்தான் இது. இடுப்பெலும்பு முறிவுக்கெல்லாம் பொருந்தாது. உச்ச நீதிமன்றம் 2018-இல் இதை அனுமதித்தபோது மாஜிஸ்திரேட் முன்னால் கையெழுத்துப் போட வேண்டியிருந்தது, நடைமுறையில் யாராலும் முடியவில்லை. 2023 ஜனவரியில் அதை எளிதாக்கினார்கள். இப்போது இரண்டு சாட்சிகளும், நோட்டரி அல்லது கெசட்டட் அதிகாரியின் சான்றும் போதும். உங்களால் பேச முடியாதபோது பேசுபவர்களாக ஒன்றுக்கு மேற்பட்ட பெயர்களைக் குறிப்பிடலாம். குடும்ப மருத்துவரிடம் ஒரு பிரதி, மாநகராட்சியில் இதற்கான பொறுப்பு அதிகாரியிடம் ஒரு பிரதி கொடுக்க வேண்டும்.

இரண்டாவது தாளைப் பலருக்குத் தெரியாது. 2017-ஆம் ஆண்டின் மனநலச் சட்டம் 14-ஆம் பிரிவின்படி, உங்கள் சார்பில் பேசும் பிரதிநிதியை வெள்ளைத் தாளிலேயே நியமிக்கலாம். உங்கள் கையெழுத்து, அவருடைய எழுத்துபூர்வமான ஒப்புதல், அவ்வளவுதான். முத்திரைத்தாள் வேண்டாம். அந்தச் சட்டம் மனநோய்க்குத் தரும் விளக்கத்தில் நினைவாற்றலின் கடுமையான கோளாறும் அடங்கும். யாரையும் நியமிக்காவிட்டால் அந்த இடம் முதலில் உறவினருக்குப் போகும், அதாவது பேச்சில்லாத அண்ணனுக்கும் போகலாம்.

யாரை எழுதுவது? அக்காவை எழுத மனம் போகும், ஆனால் உங்களுக்கு 75 ஆகும்போது அவருக்கும் 80 ஆகியிருக்கும். குறைந்தது பத்து, பதினைந்து வயது இளையவராகப் பாருங்கள். ஓடி வருவதற்கு ஒரே ஊர்க்காரர் ஒருவர், பணத்துக்கு அக்கா மகள் என்று வேலையைப் பிரித்துவிடுவது நல்லது. ஒரே ஆள் தலையில் எல்லாவற்றையும் கட்டினால், அவர் வெளிநாடு போன அன்றே ஏற்பாடு முழுவதும் விழுந்துவிடும்.

உயிலைச் சுருக்கமாகச் சொல்கிறேன். எழுதாமல் விட்டால், இந்து வாரிசுரிமைச் சட்டப்படி, பெற்றோர் இல்லாத, மணமாகாத பெண்ணின் சொத்து அப்பாவின் வாரிசுகளுக்குப் போகும். அண்ணனுக்கும் அக்காவுக்கும் சம பங்கு, பார்த்துக்கொண்ட அக்கா மகளுக்கு ஒன்றுமில்லை. உயிலுக்கு இரண்டு சாட்சிகள் போதும், பதிவு கட்டாயமில்லை. ஆனால் எதிர்ப்பு வரலாம் என்று தெரிந்தால் பதிந்துவிடுங்கள். சொத்து பெறுபவர் சாட்சிக் கையெழுத்துப் போட வேண்டாம்.

“இப்பவே எழுதி வெச்சிடுங்க சித்தி, நான் பாத்துக்கறேன்” என்று யாராவது செட்டில்மெண்ட் கேட்டால் ஒப்புக்கொள்ளாதீர்கள். உயிலை எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம், செட்டில்மெண்டை நினைத்தபோது மாற்ற முடியாது. செய்தே ஆக வேண்டுமென்றால் 60 வயதுக்குப் பிறகு, “ஆயுள்வரை இந்த வீட்டில் இருக்கும் உரிமை எனக்கு, உணவும் மருத்துவமும் இவர் தர வேண்டும்” என்ற நிபந்தனை பத்திரத்திலேயே இருக்கட்டும். மூத்த குடிமக்கள் சட்டம் 2007, 23-ஆம் பிரிவின் கீழ் அதை ரத்து செய்யக் கேட்கும்போது தீர்ப்பாயம் அந்த வரியைத்தான் தேடும்.

வீட்டுக்குள் ஒரே ஒரு மாற்றம். தனியாக இருப்பவர் விழுந்தால், எலும்பு முறிவைவிட மணிக்கணக்காகத் தரையிலேயே கிடப்பதுதான் சில சமயம் அதிகம் கெடுக்கும். அழுந்திய தசை சிதைந்து சிறுநீரகத்தைத் தாக்கும். உள்தாழ்ப்பாள் போட்டிருந்தால் சாவி வைத்திருக்கும் பக்கத்து வீட்டுக்காரரும் வெளியே நிற்க வேண்டியதுதான். வெளியிலிருந்து சாவியால் திறக்கும் பூட்டு மட்டும் போடுங்கள், குளியலறையிலும் தாழ்ப்பாள் போடாதீர்கள். காலை எட்டு மணிக்குள் உங்கள் வாட்ஸ்அப் செய்தி வராவிட்டால் ஃபோன் செய்வது, ஃபோனும் எடுக்காவிட்டால் சாவியோடு வருவது என்று ஒருவரோடு பேசி வையுங்கள்.

ஒவ்வொரு வருஷமும் ஹெல்த் இன்ஷூரன்ஸ் பிரீமியம் கட்டும் நாளில் இந்தத் தாள்களை வெளியே எடுத்து, பெயர்களை மட்டும் பாருங்கள். யாராவது ஊர் மாறியிருந்தால், உறவு கசந்திருந்தால், அந்த வாரமே புதுத் தாள் எழுதுங்கள். பழையதன் பிரதியை யாரிடமெல்லாம் கொடுத்தீர்களோ, அவர்களிடமிருந்து திரும்ப வாங்கிக் கிழித்துவிடுங்கள். இரண்டு தாள் இரண்டு பெயரோடு ஆஸ்பத்திரிக்கு வந்தால், எதை எடுத்துக்கொள்வது என்ற குழப்பம்தான் மிஞ்சும்.