டாலர் கணக்கை எந்த வயதில் தொடங்குவது?

கேள்வி: என் மகளுக்கு இப்போது 9 வயது. 18 வயதில் வெளிநாட்டில் பட்டப்படிப்புக்கு அனுப்ப நினைக்கிறோம். மாதாமாதம் உள்நாட்டு ஃபண்டில்தான் போட்டு வருகிறேன். "ஃபீஸ் டாலரில்தானே கட்டப்போகிறாய், இப்போதே டாலராகக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்" என்கிறார் நண்பர். அவர் சொல்வதைக் கேட்கலாமா?

பதில்: நண்பர் சொல்வது சரிதான், ஆனால் ஆறு ஆண்டுகள் முந்திச் சொல்கிறார்.

முதலில் வட்டியைப் பாருங்கள். கணக்கு எளிதாக இருக்க, இன்று ஒரு டாலருக்கு உங்கள் பணத்தில் 100 கொடுக்க வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். உள்நாட்டு டெபாசிட்டுக்கு 7 சதவீதம், டாலர் டெபாசிட்டுக்கு 3 சதவீதம் வட்டி. ஒன்பது ஆண்டுகளில் உள்நாட்டில் போட்ட 100 சுமார் 184 ஆகும். 100 டாலர் சுமார் 130 டாலர் ஆகும். அதாவது, அந்த நாளில் டாலர் 141ஐத் தாண்டினால்தான் டாலரில் போட்டது லாபம். 130இல் நின்றால் உள்நாட்டு டெபாசிட்டே மேல். ஆண்டுக்கு ஏறக்குறைய 4 சதவீதம் உங்கள் பணம் தேய்ந்துகொண்டே போக வேண்டும், அப்போதுதான் இரண்டும் சமம். வட்டி அதிகமுள்ள நாட்டின் பணம் காலப்போக்கில் தேய்வது வழக்கம்தான். அந்தத் தேய்மானத்துக்கான ஈட்டில் ஒரு பங்கு உங்களுக்கு வட்டியாகவே கிடைத்துவிடுகிறது. டாலர் ஏறிக்கொண்டே இருக்கிறது என்பது மட்டும் டாலர் வாங்கக் காரணமாகாது.

அப்புறம் எதற்கு டாலர்? தேய்மானம் ஆண்டுக்கு 4 சதவீதம் என்று ஒழுங்காக நடப்பதில்லை. சில ஆண்டுகள் அசையாமல் கிடக்கும், பிறகு ஒரே பருவத்தில் எகிறும். இலங்கையில் 2022 மார்ச் தொடக்கத்தில் ஒரு டாலர் ஏறத்தாழ 200 ரூபாய். மே மாதத்தில் 360. அந்த இரண்டு மாதம் உங்கள் மகளின் முதல் ஃபீஸுக்குச் சற்று முன்னால் வந்து விழுந்தால், அதுவரை வாங்கிய வட்டியால் ஈடுகட்ட முடியாது. கல்லூரியும் கெடுவைத் தள்ளிப்போடாது. இன்னும் பத்து ஆண்டு இருக்கிறது என்றால் இப்படி ஒரு அடியைப் பொறுத்துக்கொண்டு மீளலாம், மூன்று மாதம்தான் இருக்கிறது என்றால் முடியாது. ஆகவே டாலரைக் காப்பீடு மாதிரிப் பாருங்கள். அதன் விலை நீங்கள் விட்டுக்கொடுக்கும் வட்டி. ஆபத்து நெருங்கும் ஆண்டுகளுக்கு மட்டும் அதைக் கட்டினால் போதும்.

நான் பரிந்துரைப்பது படிக்கட்டு முறை. நான்கு ஆண்டுப் படிப்பு, ஆண்டுக்கு 20,000 டாலர், மொத்தம் 80,000 என்று கொள்வோம். ஒவ்வோர் ஆண்டின் ஃபீஸையும் தனிக் கடனாக எண்ணி, அது கட்ட வேண்டிய நாளுக்கு மூன்று ஆண்டு முன்பிருந்து சம தவணைகளில் டாலராக மாற்றுங்கள். முதலாண்டு ஃபீஸுக்கு அவளுடைய 15 முதல் 18 வயது வரை, மாதம் சுமார் 556 டாலர். இரண்டாமாண்டுக்கு 16 முதல் 19 வரை. மற்ற இரண்டும் இதேபோல ஒவ்வோர் ஆண்டு தள்ளி.

அவள் விமானம் ஏறும் நாளில் முதலாண்டுப் பணம் முழுவதும், இரண்டாமாண்டில் மூன்றில் இரண்டு பங்கு, மூன்றாமாண்டில் ஒரு பங்கு டாலராகியிருக்கும். கூட்டினால் 40,000, சரிபாதி. அந்த வாரம் டாலர் 140இலிருந்து 180க்குத் தாவுகிறது என்று வைப்போம். எல்லாம் உள்நாட்டிலேயே இருந்தால் 32 லட்சம் கூடுதலாகத் தேட வேண்டும், அதில் 8 லட்சம் உடனடியாக. படிக்கட்டில் இருந்தால் பள்ளம் 16 லட்சம். முதலாண்டைப் பற்றிக் கவலையில்லை, மீதியைத் திரட்ட ஒன்று முதல் மூன்று ஆண்டு அவகாசம் உண்டு. உள்நாட்டு ஃபண்டு பங்குச் சந்தை சார்ந்தது என்றால், அதிலிருந்து பணத்தை எடுக்க வேண்டிய காலமும் இதுவேதான். பங்கை விற்பது, டாலர் வாங்குவது இரண்டும் ஒரே தவணையில் முடியும்.

தவணையை ரேட் பார்த்துத் தள்ளிப்போடாதீர்கள். "இன்னும் கொஞ்சம் இறங்கட்டும்" என்று காத்திருந்தவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். இறங்கும்போது இன்னும் இறங்கும் என்பார்கள், ஏறும்போது வாங்க மனம் வராது.

சரி, 15 வயது வரை? அதுவரை உள்நாட்டு வளர்ச்சி ஃபண்டு இருக்கட்டும். மனம் கேட்கவில்லை என்றால் மூன்றில் ஒரு பங்கை வெளிநாட்டுப் பங்குகளில் முதலிடும் ஃபண்டில் போடலாம். இங்கே பலர் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. ஃபண்டின் விலை எந்த நாணயத்தில் எழுதியிருக்கிறது என்பது முக்கியமில்லை, உள்ளே என்ன சொத்து இருக்கிறது என்பதே முக்கியம். அமெரிக்கப் பங்குகளை வைத்திருக்கும் ஃபண்டை உங்கள் பணத்திலேயே வாங்கினாலும் டாலர் ஏறும்போது அதன் மதிப்பும் அதற்கேற்ப ஏறும். மாறாக, உங்கள் நாட்டுப் பங்குகளையே வைத்துக்கொண்டு டாலரில் விலை சொல்லும் ஃபண்டு உங்களைக் காக்காது. உள்நாட்டுப் பணம் சரிந்த அன்றே அதன் டாலர் விலையும் சரியும். விவரக் குறிப்பில் 'ஹெட்ஜ்டு' என்று இருந்தால் நாணய ஏற்ற இறக்கத்தை அவர்களே ஈடுகட்டிவிடுகிறார்கள் என்று பொருள். அதாவது, டாலர் ஏறினாலும் அந்த ஏற்றம் உங்களுக்கு வராது. உங்களுக்கு வேண்டியது அது இல்லாதது.

இப்போதே டாலரில் இறங்க வேண்டாம் என்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. ஒன்பது வயதுக் குழந்தை எந்த நாட்டுக்குப் போகும் என்று யாருக்குத் தெரியும்? 2016 ஜூனில் பிரெக்ஸிட் வாக்கெடுப்பு இரவில் ஒரு பவுண்டு 1.50 டாலரிலிருந்து 1.33க்கும் கீழே போனது. பவுண்டாகச் சேர்த்து வைத்து, பிள்ளை அமெரிக்கா போனவருக்கு அது பெரிய அடி. 15 வயதில் நாடு ஓரளவு தெரிந்துவிடும். ஃபீஸ் எந்த நாணயத்திலோ அதையே வாங்குங்கள். அவள் போகவே இல்லை என்றால் திரும்ப மாற்ற வேண்டி வரும். வங்கி வாங்கும்போது 2, விற்கும்போது 2 சதவீதம் எடுத்தால் போய்வர 4 சதவீதம் காலி.

மாற்றும் செலவைச் சொல்லும்போது இதையும் பாருங்கள். வங்கி "கட்டணம் இல்லை" என்று சொன்னாலும் லாபத்தை ரேட்டிலேயே வைத்திருக்கும். அதே நிமிடம் இணையத்தில் தெரியும் சந்தை ரேட்டுடன் ஒப்பிட்டுப் பாருங்கள், தெரிந்துவிடும். ஒவ்வொரு பரிமாற்றத்துக்கும் நிலையாக 25 டாலர் பிடித்தால், 556 டாலரில் அது 4.5 சதவீதம். மூன்று மாதத் தவணையைச் சேர்த்து 1,667 டாலராக அனுப்பினால் 1.5 சதவீதம்தான். வெளிநாட்டு நாணயக் கணக்கு வைக்க உச்சவரம்பு, நாணய மாற்று லாபத்துக்கு வரி ஆகியவை நாட்டுக்கு நாடு மாறும். 15 வயதுக்கு ஓராண்டு முன்பே உங்கள் வங்கியிலும் ஆடிட்டரிடமும் கேட்டு வையுங்கள்.

கடைசித் தவணையை விசா விண்ணப்பத்தோடு ஒட்டி வைக்காதீர்கள். பிரிட்டன் மாணவர் விசாவில் பணபலத்தைக் காட்ட வேண்டியவர்கள், தேவையான தொகை தொடர்ந்து 28 நாட்கள் கணக்கில் இருந்ததாகக் காட்ட வேண்டும். ஒரு நாள் குறைந்தாலும் சிக்கல். ஆகவே முதலாண்டுப் படிக்கட்டை மட்டும் இரண்டு மாதம் முன்கூட்டியே முடித்துவிடுங்கள்.