‘அவசரம் என்றால் அழையுங்கள்’ என்று எழுதாதீர்கள்

கேள்வி: திருப்பூரில் ஒரு பின்னலாடை நிறுவனத்தில் கணக்குப் பிரிவைத் தனியாகக் கவனிக்கிறேன். கூட்டாண்மை நிறுவனம், எனக்குக் கீழே ஓர் உதவிக் கணக்காளர் உண்டு. தங்கை திருமணத்துக்காக 16 முதல் 20 வரை விடுப்பு. முகூர்த்தம் 18. சென்ற முறை ‘எப்போது வேண்டுமானாலும் அழையுங்கள்’ என்று எழுதிவிட்டு நாள் முழுவதும் போனில் நின்றேன். இம்முறை ‘போன் அணைத்திருக்கும்’ என்று எழுதினால் பொறுப்பில்லாதவள் என்று முதலாளி நினைப்பாரோ என்று அச்சம். எப்படி எழுதுவது?

பதில்: போன் அணைத்திருக்கும் என்று எழுதுவதால் யாருக்கும் பொறுப்பில்லாதவர் என்ற பெயர் வருவதில்லை. அந்த வரிக்கு அடுத்த வரி இல்லாதபோதுதான் வருகிறது. ‘18 அன்று என்னைத் தொடர்புகொள்ள முடியாது’ என்று மட்டும் படிக்கும் முதலாளிக்கு ‘அப்படியானால் நான் யாரைக் கேட்பது?’ என்ற கேள்வி எழும். அதற்கான பதில் அதே கடிதத்தில் இருந்துவிட்டால் அவருக்கு உங்கள் போனைப் பற்றிக் கவலையே இல்லை.

எனக்கு ஆத்திரம் மூட்டுவது ‘அவசரம் என்றால் அழையுங்கள்’ என்ற வரிதான். அடக்கமாகத் தோன்றும் அந்த வரி, எது அவசரம் என்று முடிவு செய்யும் உரிமையை அழைப்பவர் கையில் கொடுத்துவிடுகிறது. என் தந்தையின் பதினாறாம் நாள் காரியத்தன்று, ஈர வேட்டியோடு ஐயர் முன் உட்கார்ந்திருந்தபோது, நான் அப்போது வேலை பார்த்த அலுவலகத்திலிருந்து அழைப்பு வந்தது. ஒரு புகைப்படம் எந்த உறையில் இருக்கிறது என்று கேட்டார்கள். அழைத்தவர் கெட்டவர் அல்லர். அவருக்கு அந்த நிமிடத்தில் அது அவசரம். நான் எழுதி வைத்துவிட்டுப் போன விடுப்புக் கடிதம் அதற்கு இடம் கொடுத்திருந்தது. அன்று நான் எழுந்து போய்ப் பேசியதை என் அம்மா கடைசிவரை மறக்கவில்லை.

ஆகவே கடிதத்தை இப்போதே எழுதத் தொடங்காதீர்கள். சென்ற முறை வந்த அழைப்புகளை போனில் எடுத்துப் பாருங்கள். எவற்றுக்கு உண்மையிலேயே நீங்கள் வேண்டியிருந்தது? உங்கள் தொழிலில் பெரும்பாலும் மூன்று காரணங்கள்தான் இருக்கும்: கடவுச்சொல் உங்களிடம் இருக்கும், ஓடிபி உங்கள் போனுக்கு வரும், அல்லது கோப்பு எங்கே என்று உங்களுக்கு மட்டுமே தெரியும். இவை தீராத வரை நீங்கள் எவ்வளவு அழகாக எழுதினாலும் போன் ஒலிக்கத்தான் செய்யும்.

சரக்கு வண்டியோடு போக வேண்டிய மின்னணு அனுமதிச் சீட்டான இ-வே பில்லை எடுத்துக்கொள்வோம். தூத்துக்குடித் துறைமுகத்துக்குச் சரக்கோடு கிளம்பிய லாரி வழியில் பழுதாகி நின்றுவிட்டால், பில்லின் காலக்கெடுவை நீட்டிக்க வேண்டும். கெடு முடிவதற்கு 8 மணி நேரம் முன்பிருந்து முடிந்து 8 மணி நேரம் வரைதான் அதற்கு வாய்ப்பு. இது உண்மையான அவசரம். தாலி கட்டும் நேரத்தில் வந்தாலும் காத்திருக்காது. ஆனால் இதற்கு நீங்கள் எதற்கு? இ-வே பில் தளத்திலேயே துணைப் பயனர் ஒருவரை உருவாக்கும் வசதி இருக்கிறது. உதவிக் கணக்காளருக்குத் தனிக் கணக்கு உருவாக்கிக் கொடுத்து, விடுப்புக்கு முந்தைய வாரம் முழுவதும் அவரையே பில் போடச் சொல்லுங்கள். எங்கே தடுமாறுகிறார் என்று நீங்கள் பக்கத்தில் இருக்கும்போதே தெரிந்துவிடும்.

அடுத்தது உங்கள் விடுப்பின் கடைசி நாள். 20 என்பது மாதாந்திர ஜிஎஸ்டி கணக்கான ஜிஎஸ்டிஆர்-3பி தாக்கல் செய்யக் கடைசித் தேதி. தவறினால் நாளொன்றுக்கு 50 ரூபாய் தாமதக் கட்டணம், கட்ட வேண்டிய வரிக்கு ஆண்டுக்கு 18 சதவீத வட்டி. கொள்முதலுக்கான வரி வரவைக் காட்டும் 2பி பட்டியல் 14ஆம் தேதி வந்துவிடும் என்பதால் 15 மாலைக்குள் கணக்கைச் சரிபார்த்து முடித்துவிட உங்களால் முடியும். ஆனால் பல முதலாளிகள் பணத்தை 20ஆம் தேதி காலையில்தான் கட்டுவார்கள். கையொப்பமிடும் உரிமை முதலாளியிடம் இருந்தாலும், ஜிஎஸ்டி தளத்தில் பதிவு செய்த கைபேசி எண் கணக்காளருடையதாக இருப்பது நம் ஊரில் சகஜம். அப்படி இருந்தால் ஓடிபி உங்களுக்குத்தான் வரும். அந்த எண்ணை இப்போதே முதலாளியின் எண்ணாக மாற்றச் சொல்லுங்கள். அதிகாரியின் ஒப்புதல் தேவைப்படாத திருத்தம்தான் அது. விடுப்புக்காக மட்டுமல்ல, அந்த எண் அவருடையதாக இருப்பதே முறை.

இத்தனையும் செய்த பிறகு உங்களுக்கென்று மிஞ்சுவது ஒன்றே ஒன்று: 20 அன்று தாக்கலின்போது ஏதேனும் தொகை பொருந்தாமல் போனால் விளக்கம் சொல்வது. இப்போது எழுதுங்கள்:

‘16 முதல் 20 வரை விடுப்பில் இருக்கிறேன். 21 காலை பணிக்குத் திரும்புவேன். இ-வே பில், பில் தயாரிப்பு, வங்கி விவரங்கள் ஆகியவற்றை உதவிக் கணக்காளர் கவனிப்பார். அவர் எண் கீழே. 3பி கணக்கு தயாராக இருக்கிறது. 20 அன்று பணம் கட்டித் தாக்கல் செய்ய வேண்டியது மட்டுமே பாக்கி. அதில் சந்தேகம் இருந்தால் அன்று காலை 10 முதல் 11 வரை என்னை அழைக்கலாம். மற்ற நேரங்களில் போன் அணைத்திருக்கும்.’

இதில் மன்னிப்பு இல்லை என்பதைக் கவனியுங்கள். தங்கை கல்யாணத்துக்கு எதற்கு மன்னிப்பு? ‘முடிந்தால் பார்க்கிறேன்’, ‘அவ்வப்போது மெயில் பார்ப்பேன்’ போன்ற வரிகளும் இல்லை. அவை பணிவாகத் தோன்றும்; ஆனால் படிப்பவருக்கு எதுவும் உறுதியாகத் தெரியாது. பதில் வருமா வராதா என்று அவர் காத்திருப்பார். அதுதான் உண்மையில் பொறுப்பின்மை. காலை 10 முதல் 11 வரை என்று எழுதிவிட்டால், அந்த ஒரு மணி நேரம் போன் கையிலேயே இருக்க வேண்டும். அன்று மறுவீட்டு விருந்து இருக்குமானால் நேரத்தை மாற்றி எழுதுங்கள். எழுதிய பிறகு மாற்றாதீர்கள்.

வெளியாருக்குச் செல்லும் தானியங்கி மெயில் பதிலில் இந்தக் கதையெல்லாம் வேண்டாம். திரும்பும் தேதி, உதவிக் கணக்காளரின் மெயில் முகவரி, இரண்டும் போதும். திருமணம் என்றோ உங்கள் சொந்த எண்ணையோ நூல் வியாபாரிக்கும் சாயப்பட்டறைக்கும் தெரிவிக்க வேண்டியதில்லை.

முதலாளியிடம் இதை 10ஆம் தேதி வாக்கில் நேரில் சொல்லிவிட்டு, 15 மாலை எழுத்தில் அனுப்புங்கள். ‘20 அன்று ஒரு மணி நேரம் போதாது’ என்று அவர் சொன்னால் அது நியாயமான பேச்சு. மாலையில் இன்னொரு அரை மணி சேர்த்துக்கொள்ளுங்கள். 18 அன்று வேண்டும் என்றால் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள்.

கடைசியாக அலுவலக வாட்ஸ்அப் குழு. 17 இரவு பெண் அழைப்பு முடிந்து கை சும்மா இருக்கும்போது, குழுவில் யாரோ கேட்ட கேள்விக்கு ‘இரண்டாவது அலமாரி, நீலக் கோப்பு’ என்று பதில் போடத் தோன்றும். போடாதீர்கள். அந்த ஒரு வரியைப் பார்த்தவுடன் உதவிக் கணக்காளரைக் கேட்டுக்கொண்டிருந்த எல்லோரும் உங்களிடம் திரும்பி வந்துவிடுவார்கள். குழுவின் ஒலியை நிறுத்திவிட்டு, 21 காலை மேசையில் உட்கார்ந்த பிறகு திறந்து பாருங்கள்.